ஜரிகை ஏன் பச்சையாகிறது?

கேள்வி: ஈஸ்ட் ஹாமில் வீட்டில் வைத்தே காஞ்சிபுரம் பட்டு விற்கிறேன். ஒரே டிசைன் இரண்டு நிறத்தில் வந்திருக்கிறது. ஒன்று அரக்கு உடல், பச்சை பார்டர். மற்றது மாம்பழ மஞ்சள் உடல், அரக்கு பார்டர். அரக்குப் புடவையைத் தங்கைக்குக் கட்டிப் படம் எடுத்தாயிற்று. போட்டோஷாப்பில் அதையே மஞ்சளாக்கப் பார்த்தால் ஜரிகை பச்சையாகிறது, கொசுவம் சேறு பூசினதுபோல் ஆகிறது. என்ன தப்பு?
– வாசகி, லண்டன்

பதில்: Hue/Saturation-இல் Hue-வைத் தள்ளியிருப்பீர்கள். இரண்டு கோளாறுக்கும் அதுதான் காரணம். அந்தப் பட்டை எல்லா நிறத்தையும் ஒரே அளவு நகர்த்தும். அரக்கு மஞ்சளுக்கு வரும்போது, ஏற்கெனவே மஞ்சளாக இருந்த ஜரிகை இன்னும் ஒரு எட்டுப் போய்ப் பச்சையாகிவிடும். கொசுவத்தின் கதை வேறு. அரக்கு இருட்டு நிறம், மாம்பழ மஞ்சள் வெளிச்ச நிறம். வெளிச்சத்தை ஏற்றாமல் நிறத்தை மட்டும் மாற்றினால் மஞ்சள் இருண்டு ஆலிவ் காய் நிறமாகத்தான் நிற்கும்.

ஆகவே முதல் வேலை, ஜரிகையைத் தனியே பிரிப்பது. Channels-ஐத் திறந்து Green சேனலை மட்டும் பாருங்கள். அரக்குப் பட்டு கறுப்பாகக் கிடக்கும், ஜரிகை வெளுப்பாகத் தெரியும். அந்தச் சேனலை நகலெடுத்து Levels-இல் கறுப்பு வெள்ளையை இன்னும் பிரித்தால் உடலில் உள்ள ஜரிகைக்கு மாஸ்க் தயார். பச்சை பார்டருக்கு Red சேனல். ஒரு தொல்லை உண்டு: மடிப்பின் உச்சியில் பட்டு பளபளக்கும் இடமும் வெளுப்பாகத் தெரிந்து ஜரிகையோடு சேர்ந்துகொள்ளும். அதைக் கறுப்பு பிரஷ்ஷால் கையால் அழிக்க வேண்டும். குறுக்குவழி இல்லை.

ஜரிகையை ஏன் இத்தனை கவனமாகக் காப்பது? அசல் ஜரிகையில் நடுவே சிவப்புப் பட்டு நூல், அதைச் சுற்றித் தட்டையான வெள்ளிக் கம்பி, மேலே தங்கப் பூச்சு. அதனால்தான் அதன் நிழல் சிவந்து சூடாக இருக்கிறது. அந்தச் சூடு போனால் பித்தளை மாதிரி ஆகிவிடும்.

அடுத்தது வெளிச்சம். ஜரிகை தவிர்த்து உடலை மட்டும் Curves-இல் நடுப்பகுதியைப் பிடித்துத் தூக்குங்கள். மேல் முனையைத் தொடாதீர்கள். தொட்டால் பளபளப்பு வெறும் வெள்ளைத் திட்டாகும். அதன் மேல் ஒரே நிறத்தை ஊற்றாமல் Gradient Map வைத்து, அதன் பிளெண்ட் முறையை Color ஆக்குங்கள். இருட்டு முனைக்கு ஆரஞ்சு கலந்த பழுப்பு, நடுவில் மாம்பழ மஞ்சள், உச்சியில் வெளிர் மஞ்சள். மஞ்சள் பட்டின் நிழல் கறுப்பாக இராது, ஆரஞ்சாகத்தான் இறங்கும். எந்த ஆரஞ்சு என்று குழம்ப வேண்டாம். கையில்தான் மஞ்சள் புடவை இருக்கிறதே, அதே ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு மடிப்பைப் படமெடுத்து அதிலிருந்து நிறத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

பார்டருக்கு வருவோம். உங்கள் புடவை கோர்வையா என்று முதலில் பாருங்கள். கோர்வையில் பார்டருக்குத் தனி ஊடை. உடலும் பார்டரும் சேரும் இடம் கத்தரித்ததுபோல் இருக்கும், அரக்கு பார்டர் சுத்த அரக்காகவே நிற்கும். கோர்வை இல்லையென்றால் உடலின் ஊடையே பார்டருக்குள்ளும் ஓடும். மஞ்சள் ஊடை ஓடினால் அந்த அரக்கு செங்கல் பக்கம் சாயும். உடலை மஞ்சளாக்கிவிட்டு பார்டரைச் சுத்த அரக்காக விட்டால், புடவை தெரிந்தவர் கண்ணுக்கு உடனே உறுத்தும். தங்கையின் தாடைக்குக் கீழும் முழங்கையிலும் படிந்திருக்கும் சிவப்புச் சாயலை லேசாக மஞ்சளுக்கு நகர்த்தவும் மறக்காதீர்கள். பலரும் விடுவது அது.

இத்தனையும் செய்தாலும் கைபேசி எடுத்த ஜேபெக் படத்தில் அரக்கின் ஆழ்ந்த நிழலைத் தூக்கும்போது புள்ளி புள்ளியாகக் கிளம்பும். அங்கே நெசவே படத்தில் பதிவாகவில்லை. எந்த மென்பொருளும் அதைக் கொண்டுவராது. அதனால் என் தீர்ப்பு: இந்தப் படத்தோடு மல்லாட வேண்டாம். மஞ்சள் புடவையைக் கட்டி எடுத்து, அதை அரக்காக்குங்கள். வெளிச்சத்தை இறக்குவது சுலபம், நெசவும் கெடாது. பட்டின் பளபளப்பை மட்டும் கூடவே இறங்கவிடாமல் பிடித்துக்கொள்ளுங்கள், அரக்கில் அது இன்னும் பளிச்சென்று தெரிய வேண்டும்.

ஒன்று மட்டும். பிரிட்டனின் 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி பொருள் விவரிப்புக்கு ஒத்திருக்க வேண்டும். படத்தைப் போடுமுன் நிஜப் புடவையை ஜன்னலோரம் திரைக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.