முழு செட் வாடகைக்கு: எந்த நிபந்தனையை எழுதுவது?

பசுவந்தனையில் தையல் கடையோ பார்லரோ வைத்திருப்பவர் கல்யாண செட் வாடகைக்கு விடத் தொடங்கினால், முதலில் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஒரு படம் போடுவார். படத்துக்குக் கீழே பெரும்பாலும் மூன்று வரிதான் இருக்கும்: "முழு செட் வாடகை 1,500. அட்வான்ஸ் உண்டு. சேதமானால் வாடிக்கையாளரே பொறுப்பு."

இந்த மூன்று வரிகளும் சண்டையை வளர்ப்பவை. முழு செட் என்றால் எத்தனை உருப்படி? 1,500 எத்தனை நாளுக்கு? அட்வான்ஸ் திரும்ப வருமா, வராதா? விழுந்த கல்லுக்கு எவ்வளவு? இவற்றுக்கு ஒவ்வொரு கடையிலும் ஒவ்வொரு பதில் இருக்கிறது. எந்தப் பதில் யாருக்கு ஒத்துவரும் என்று ஒரு செட்டை வைத்தே பார்த்துவிடலாம்.

நாகர்கோவிலை அடுத்த வடசேரியில் செய்யும் கோயில் நகைக்குப் புவிசார் குறியீடு உண்டு; அது வெள்ளியில் கட்டித் தங்கத் தகடு போர்த்தியது. வாடகைக்குச் சுற்றுவது பெரும்பாலும் அதன் சாயலில் பித்தளையில் முலாம் பூசிய கெம்புக் கல் செட். நெத்திச்சுட்டி, சூரியன், சந்திரன், ராக்கொடி, ஜடைபில்லை, ஜிமிக்கி ஜோடி, மாட்டல் ஜோடி, அட்டிகை, ஆரம், ஒட்டியாணம், வங்கி ஜோடி: எண்ணினால் 14 உருப்படி. கடைக்காரர் இதை 9,000 ரூபாய்க்கு வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். இனி வரும் தொகைகளெல்லாம் இந்த உதாரணக் கணக்குத்தான்; உங்கள் கொள்முதல் பில்லைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள்.

டெபாசிட்: முழு விலையா, அடையாள அட்டையா, சிறு தொகையா?

முதலில் சொல்லைச் சரிசெய்ய வேண்டும். வீட்டு வாடகைக்குக் கொடுக்கும் அட்வான்ஸ் காலி செய்யும்போது திரும்ப வரும். சமையல்காரருக்குக் கொடுக்கும் அட்வான்ஸ் கூலியில் கழியும். ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள் இருப்பதால், கடைக்காரர் ஒன்றை நினைக்க, பெண் வீட்டார் இன்னொன்றை நினைப்பார்கள். ஆகவே விளம்பரத்தில் "அட்வான்ஸ்" என்ற சொல்லையே விட்டுவிடுங்கள். "புக்கிங் பணம், வாடகையில் கழியும்" என்று ஒரு வரி, "டெபாசிட், செட் வந்ததும் திருப்பித் தரப்படும்" என்று ஒரு வரி எழுதினால் போதும்.

டெபாசிட்டாக முழு விலையையும், அதாவது 9,000 ரூபாயையும் கேட்பது ஒரு வழி. கடைக்காரருக்கு நிம்மதிதான். ஆனால் கல்யாணத்துக்கு முந்தின நாள் கையில் ரொக்கம் நிற்காத வீடுகள்தான் இங்கே அதிகம். உளுந்தும் பாசியும் விற்ற பணமோ, தீப்பெட்டி ஆபீஸ் சம்பளமோ மண்டபத்துக்கும் பந்திக்கும் போயிருக்கும். 9,000 கேட்டால் அவர்கள் சொந்தக்காரரிடம் இரவல் நகை வாங்கிக்கொள்வார்கள். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும், வெளிப்படையாகவே மிகையான டெபாசிட் கேட்பதை நியாயமற்ற ஒப்பந்தத்தின் அடையாளங்களில் ஒன்றாகச் சொல்கிறது. முழு விலையும் கேட்டாலே அது மிகை என்று சொல்லிவிட முடியாது; ஆனால் ஏன் அவ்வளவு என்று கேட்டால் கடைக்காரரிடம் பதில் இருக்க வேண்டும்.

ஆதார் அட்டையின் அசலை வாங்கி மேஜையில் பூட்டி வைப்பது இரண்டாவது வழி. இது பார்க்கத்தான் பாதுகாப்பு. அட்டை கடையில் இருப்பதால் தொலைந்த மாட்டலுக்குப் பணம் வராது; அட்டை தொலைந்தால் பழி கடைக்குத்தான். அடையாளம் தெரிய வேண்டுமென்றால், கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மறைத்த ஆதார் நகல் போதும்.

மூன்றாவது, வாடகை அளவே டெபாசிட்: 1,500 ரூபாய். செட்டோடு யாரும் ஓடிப்போவது அபூர்வம். தொலைவது திருகாணி, ஒற்றை மாட்டல், சந்திரன் மாதிரிச் சின்ன உருப்படிகள்தான். மண்டபத்தில் தலை அலங்காரம் கலைக்கும்போது பூவோடு சேர்ந்து குப்பைக்குப் போய்விடும். அந்த இழப்பையும் ஒரு நாள் தாமதத்தையும் 1,500 தாங்கும். அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களுக்கு இதுவே சரி. அறிமுகமில்லாதவர் வெளியூரிலிருந்து போனில் கேட்டால் மட்டும் கூட வாங்கலாம்; அதையும் விளம்பரத்திலேயே எழுதிவிட வேண்டும்.

நாள் கணக்கு: தேதியா, 24 மணி நேரமா, முகூர்த்தமா?

ஞாயிறு காலை முகூர்த்தம், சனி மாலை வரவேற்பு என்று வைத்துக்கொள்வோம். பெண் வீட்டார் குறுக்குச்சாலைப் பக்கத்துக் கிராமத்துக்காரர்கள். சனி காலை 10 மணிக்குச் செட்டை எடுக்கிறார்கள்.

தேதிக் கணக்கில் சனி, ஞாயிறு, திருப்பித் தரும் திங்கள் என்று மூன்று நாள் ஆகிவிடும். ஒரு நாள் 1,500 என்றால் 4,500. பாதி விலை வாடகையிலேயே போய்விடும். 24 மணிக் கணக்கில் ஞாயிறு 10 மணிக்குத் தவணை முடிகிறது. அப்போது பெண் மணவறையில் இருக்கலாம். இந்தக் கணக்கு நகரத்தில் ஒரு மாலை நேர விருந்துக்குப் போட்டுப்போகும் கவுனுக்குப் பொருந்தும். கல்யாணத்துக்குப் பொருந்தாது.

முகூர்த்தக் கணக்கு என்றால் ஒரு முகூர்த்தத்துக்கு ஒரு வாடகை. "முந்தின நாள் காலை 10 மணி முதல் மறுநாள் பகல் 12 மணி வரை" என்று மணியோடு எழுத வேண்டும். மறுவீடு முடிந்து திங்கள் காலை பஸ்ஸில் வந்து கொடுக்க நேரம் இருக்கும்.

இதில் கடைக்காரருக்கும் ஒரு சங்கடம் உண்டு. ஆடியிலும் மார்கழியிலும் செட் அலமாரியில் தூங்கும். ஆவணியிலும் தையிலும் ஒரே வாரத்தில் இரண்டு முகூர்த்தம் வரும். புதன் முகூர்த்தத்துக்குப் போன செட் வியாழன் பகல் வந்தால், வெள்ளி முகூர்த்தக்காரர் வியாழன் காலையே வந்து நிற்பார். அப்படிப்பட்ட வாரங்களில் "முகூர்த்த நாள் இரவு 8 மணிக்குள்" என்று எழுதி, வாடகையில் 200 குறைத்துக்கொள்வது நல்லது. தாமதத்துக்கு "ஒரு நாளுக்கு 500" என்று தொகையையும் எழுதுங்கள். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 74ஆவது பிரிவின்படி, எழுதிய தொகைதான் உச்சவரம்பு. அதற்குள் நியாயமான இழப்பீடே கிடைக்கும். ஆகவே மிரட்டுவதற்காக 5,000 என்று எழுதிப் பயனில்லை.

சுத்தம்: வாடகைக்குள்ளா, தனியா?

நகைக்கு வாடகைக்குள் அடக்கிவிடுங்கள். உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்து, ஃபேன் காற்றில் ஆறவிட்டு, ஒவ்வொன்றையும் தனித்தனி கவரில் போடுவதுதான் வேலை. காதில் படும் கம்பியை ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும். சில கல்லுக்கு அடியில் பளபளப்புத் தாள் இருக்கும். உள்ளே நீர் இறங்கினால் கல் கறுத்துவிடும். நல்ல மனதோடு கழுவித் தருபவர்தான் செட்டைக் கெடுப்பார். அதனால் "கழுவ வேண்டாம், சென்ட் அடித்து முடித்த பிறகு நகை போடவும்" என்று விளம்பரத்திலேயே எழுதுங்கள்.

லெஹங்காவுக்கும் ஷெர்வானிக்கும் தனித் தொகை சரி, ஏனென்றால் அவற்றை டிரை வாஷுக்கு அனுப்பியாக வேண்டும். அதையும் முன்கூட்டியே ஒரே தொகையாகச் சொல்லுங்கள். "அழுக்கைப் பார்த்துச் சொல்கிறோம்" என்பது பேரத்தில் முடியும். ஐப்பசி மழையில் கரிசல் சேறு பாவாடை விளிம்பில் அப்பிக்கொள்ளும். ஈரத்தோடு தேய்த்தால் துணிக்குள் ஏறிவிடும். காயவிட்டுப் பிரஷால் தட்டினால் பெரும்பாலும் உதிர்ந்துவிடும். "சேறு பட்டால் தேய்க்காமல் அப்படியே கொண்டுவரவும்" என்ற ஒரு வரி வாடிக்கையாளரின் பணத்தையும் கடையின் துணியையும் காப்பாற்றும்.

சேதம்: பொதுவாகவா, பட்டியலாகவா?

"சேதமானால் நீங்களே பொறுப்பு" என்பது கறாராகத் தெரிந்தாலும் பலவீனமான வரி. வாங்கியவர் தன் சொந்தப் பொருளைப் போலக் கவனமாக வைத்திருந்தும் தொலைந்தால், தனியாக ஒப்பந்தம் இல்லாதபோது அவர் பொறுப்பில்லை என்று ஒப்பந்தச் சட்டத்தின் 151, 152ஆவது பிரிவுகள் சொல்கின்றன. பூட்டிய மண்டப அறையில் நகை திருடுபோனால் இந்தக் கேள்விதான் எழும். "எப்படித் தொலைந்தாலும் பட்டியல் விலை" என்று எழுதிக் கையெழுத்து வாங்கியிருந்தால்தான் கடைக்குப் பேச்சிருக்கும். மறுபக்கம், 150ஆவது பிரிவின்படி வாடகைக்கு விட்ட பொருளின் கோளாறால் வரும் நஷ்டத்துக்குக் கடைக்காரரே பொறுப்பு; கோளாறு அவருக்குத் தெரியாதிருந்தாலும் அப்படித்தான். ஒட்டியாணத்தின் உடைந்த கொக்கி பட்டுப்புடவையைக் கிழித்தால் அந்தக் கணக்கு கடையைத் தேடி வரும்.

நம் உதாரணத்துக்கு வருவோம். திங்கள் காலை செட் வருகிறது. ஒரு மாட்டல் இல்லை. ஆரத்தில் மூன்று கல் விழுந்திருக்கிறது. வங்கியின் உட்பக்கம் மங்கியிருக்கிறது. பொது வரி மட்டும் இருந்தால் கடைக்காரர் 1,500ஐயும் பிடித்துக்கொள்வார். பெண் வீட்டார் "கல் முன்னாடியே இல்லை" என்பார்கள். பட்டியல் இருந்தால் மாட்டல் ஜோடி 200, கல் ஒன்றுக்கு 20 வீதம் 60. மாட்டல் ஒற்றையாகக் கிடைக்காது என்பதால் ஜோடி விலை. அதையும் எழுதியிருக்க வேண்டும். வங்கியின் மங்கல் தோலோடு ஒட்டும் பக்கம் முழுக்கச் சீராக இருக்கிறது. அது வியர்வையால் வந்த தேய்மானம், வாடகைக்குள் அடங்கியது. முகப்பில் திட்டுத்திட்டாக இருந்தால்தான் சென்ட்டோ தண்ணீரோ பட்டதென்று சந்தேகிக்க வேண்டும். ஆகப் பிடித்தம் 260, திருப்பித் தருவது 1,240.

கல் முன்பே விழுந்ததா என்ற கேள்விக்குப் பதில் கொடுக்கும் நேரத்தில்தான் இருக்கிறது. 14 உருப்படியையும் முன்பக்கமும் பின்பக்கமும் காட்டி ஒரு நிமிட வீடியோ எடுத்து இரு தரப்பு போனிலும் வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப வரும்போதும் அவர்கள் முன்னாலேயே எண்ணுங்கள். "வீட்டுக்குப் போங்க, பார்த்துட்டுச் சொல்றேன்" என்ற கடையில் டெபாசிட் முழுதாகத் திரும்பாது என்று ஊர் பேசும்.

எழுத வேண்டியது

இவ்வளவையும் சேர்த்தால் விளம்பரம் இப்படி வரும்:

"கெம்பு முழு செட், 14 உருப்படி (பட்டியல் படத்தில்). வளையல் சேராது. ஒரு முகூர்த்தத்துக்கு வாடகை 1,500: முந்தின நாள் காலை 10 முதல் மறுநாள் பகல் 12 வரை. புக்கிங் பணம் 500, வாடகையில் கழியும். டெபாசிட் 1,500, எண்ணிப் பார்த்ததும் அங்கேயே திருப்பித் தரப்படும். தாமதம் நாளுக்கு 500. துடைத்துச் சுத்தம் செய்வது எங்கள் பொறுப்பு, கழுவ வேண்டாம். கல் ஒன்றுக்கு 20, திருகாணி 50, மாட்டல் ஜோடி 200, மற்றவை பட்டியலில். எப்படித் தொலைந்தாலும் பட்டியல் விலை. வியர்வை மங்கலுக்குப் பிடித்தம் இல்லை."

வாடகைக்கு எடுப்பவர் இரண்டு கடைகளை ஒப்பிடும்போது வாடகைத் தொகையைக் கடைசியில் பாருங்கள். 1,200 ரூபாய் என்று மட்டும் எழுதிய கடையைவிட, 1,500 என்று எழுதி மாட்டலுக்கும் திருகாணிக்கும் விலை போட்ட கடையே முடிவில் மலிவாக இருக்கும்.