ஆயுள் காப்பீட்டு முதிர்வுத் தொகையும் வருமான வரியும்

ஆயுள் காப்பீட்டுப் பாலிசியின் தவணைக் காலம் முடிந்து கைக்கு வரும் முதிர்வுத் தொகைக்கு வரியே கிடையாது என்னும் நம்பிக்கை இந்தியக் குடும்பங்களில் ஆழ வேரூன்றியிருக்கிறது. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 10(10டி) பிரிவு இந்த விலக்கை அளித்தது உண்மையே எனினும், பிரீமியத்தின் அளவை வைத்தே அதற்கு வரம்பும் கட்டியது. 2012 ஏப்ரல் 1 முதல் வழங்கப்பட்ட பாலிசியில், எந்த ஓர் ஆண்டின் பிரீமியமும் காப்பீட்டுத் தொகையில், அதாவது இறப்பின்போது தருவதாக உறுதியளிக்கப்பட்ட அடிப்படைத் தொகையில், 10 சதவீதத்தைத் தாண்டினால் பொதுவாக முதிர்வுக்கு விலக்கு இல்லை. 4 லட்சம் ரூபாயை ஒரே தவணையாகச் செலுத்தி 5 லட்சம் ரூபாய்க் காப்பீடு பெறுபவர் இந்த நிபந்தனையில் முதல் நாளே தவறிவிடுகிறார்.

ஒவ்வொரு பாலிசியின் பிரீமியமும் 5 லட்சத்துக்குள் இருந்தால் போதும், வெவ்வேறு நிறுவனங்களில் பிரித்து வாங்கிக்கொள்ளலாம் என்பது அதைவிட இழப்பு தரும் நம்பிக்கை. 2023 ஏப்ரல் 1 முதல் வழங்கப்பட்ட, யூலிப் அல்லாத பாலிசிகளுக்கு உரிய இந்த 5 லட்சம் வரம்பு, ஒருவர் அந்த நாளுக்குப் பின் எடுத்த எல்லாப் பாலிசிகளின் ஆண்டுப் பிரீமியத்தையும் கூட்டியே பார்க்கப்படுகிறது. அதற்கு முன் எடுத்தவை இந்தக் கூட்டலில் சேர்வதில்லை. சந்தையோடு இணைந்த யூலிப் பாலிசிகளுக்கு 2021 பிப்ரவரி 1 முதல் 2.5 லட்சம் என்ற தனி வரம்பு உண்டு.

ஒருவர் 2023 மே மாதத்தில் ஒரு நிறுவனத்தில் 3 லட்சம், மறு ஆண்டில் வேறொரு நிறுவனத்தில் 4 லட்சம் ஆண்டுப் பிரீமியத்தில் இரு பாலிசிகள் எடுத்ததாகக் கொள்வோம். தனித்தனியே இரண்டும் வரம்புக்குள் இருந்தாலும் கூட்டுத்தொகை 7 லட்சம் ஆவதால், ஏதேனும் ஒன்றுக்கு மட்டுமே, வேண்டுமானால் பெரியதற்கே, அவர் விலக்குக் கோரலாம். பெரியதைத் தேர்ந்தால், சிறிய பாலிசியில் 10 ஆண்டுகளில் 30 லட்சம் செலுத்தி 42 லட்சம் பெறும்போது, கூடுதலாகக் கிடைத்த 12 லட்சம் 'பிற வழி வருமானம்' என்ற தலைப்பில் அவருடைய வருமானத்தோடு சேர்ந்து, அவருக்குரிய விகிதத்தில் வரிக்கு உள்ளாகிறது.

இதிலும் பலர் கவனிக்காத ஒரு நுட்பம் உண்டு: வேறு பிரிவில் கழிவு கோரப்படாத பிரீமியத்தை மட்டுமே முதிர்வுத் தொகையிலிருந்து கழிக்க முடியும். அந்தப் பாலிசிக்காக 80சி பிரிவில் ஆண்டுதோறும் 1.5 லட்சம் கழிவு பெற்றிருந்தால், பத்தாண்டில் சேர்ந்த 15 லட்சத்தை மீண்டும் கழிக்க இயலாது. வரிக்குரிய தொகை 27 லட்சமாக உயர்ந்துவிடும்.

ஒரு நிறுவனம் பிற நிறுவனங்களின் பாலிசிகளை அறிந்திருக்க வேண்டியதில்லை என்பதால், முதிர்வுத் தொகையில் டிடிஎஸ் பிடிக்கப்படாததை வரியில்லை என்பதற்குச் சான்றாகக் கொள்ளலாகாது. கூட்டிப் பார்த்துக் கணக்கில் காட்டும் பொறுப்பு பாலிசிதாரருடையதே. பாலிசிதாரர் இறந்து நாமினிக்கு வழங்கப்படும் தொகைக்கு மட்டும், பிரீமியம் எத்தனை உயர்ந்திருந்தாலும், மேற்கண்ட வரம்புகள் பொருந்தா.