இரண்டாவதாகப் பார்ப்பவருக்கு

வங்கிக் கிளையில் பெருந்தொகைப் பரிமாற்றத்தை ஒருவர் பதிவு செய்வார், இன்னொருவர் சரிபார்த்து அனுமதிப்பார். மேக்கர், செக்கர் என்று சொல்வோம். புதிதாகச் செக்கர் நாற்காலியில் உட்காரும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். ஆர்.டி.ஜி.எஸ். வழியாகப் போகும் பணத்தை மட்டுமே எடுத்துக்கொள்கிறேன். 2 லட்சம் ரூபாய்க்குக் குறைந்து அந்த வழியில் அனுப்ப முடியாது. மேலே எத்தனை கோடியானாலும் போகும். 2020 டிசம்பர் முதல் அது இரவு பகல், விடுமுறை நாள் என்று பாராமல் இயங்குகிறது. ரிசர்வ் வங்கியின் கணக்கில் ஒரு பரிமாற்றம் தீர்ந்துவிட்டால் அது இறுதியானது. அனுப்பிய வங்கி தானாக அதைத் திரும்ப இழுத்துக்கொள்ள முடியாது. நீங்கள் அழுத்தும் பொத்தானுக்குப் பிறகு இன்னொரு கண் இல்லை.

1. திரையைப் பார்க்குமுன் தாளைப் பாருங்கள்.

பெரும்பாலானவர்கள் திரையில் இருப்பதை முதலில் படித்துவிட்டு, பிறகு விண்ணப்பத்தைப் பார்த்துத் தலையாட்டுகிறார்கள். திரையில் பார்த்த எண் மனதில் பதிந்துவிட்டால், தாளிலும் அதையேதான் கண் பார்க்கும். மேக்கர் எந்த இடத்தில் ஏமாந்தாரோ அதே இடத்தில் நீங்களும் ஏமாறுவீர்கள். அப்போது பார்த்தவர் இருவர், ஆனால் பார்வை ஒன்றுதான்.

அதனால் விண்ணப்பத்தையும் காசோலையையும் கையில் எடுத்து, முதலில் அவற்றை மட்டும் படியுங்கள். யார் கணக்கிலிருந்து, எவ்வளவு, யாருக்கு, எந்த வங்கியில், எந்தக் கணக்கு எண்ணுக்கு என்று முழுதாகத் தெரிந்துகொண்ட பிறகே திரையைத் திறங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் தாளில் படித்துவிட்டுத் திரைக்குப் போங்கள், திரையிலிருந்து தாளுக்கு வராதீர்கள். சரியாக இருந்த கட்டத்துக்குத் தாளில் பென்சிலால் ஒரு சிறு புள்ளி வையுங்கள். நடுவில் யாராவது கூப்பிட்டால் எங்கே விட்டோம் என்பதை அந்தப் புள்ளி சொல்லும். மேக்கர் வாயால் வாசிக்க நீங்கள் கேட்டு ஒப்பிடுவது சரிபார்ப்பே ஆகாது. அவர் தாளில் தவறாகப் படித்ததைத்தான் உங்களுக்கும் வாசிப்பார்.

2. கணக்கு எண்ணுக்கு அதிக நேரம் கொடுங்கள்.

ஒரு உதாரணத்தை முழுதாகப் பார்ப்போம். கரூரில் ஒரு துணி ஏற்றுமதியாளர் நூல் மில்லுக்கு 1,07,50,000 ரூபாய் அனுப்பச் சொல்கிறார். விண்ணப்பத்தில் மில்லின் கணக்கு எண் இப்படி இருக்கிறது:

0428000210007735

மேக்கர் பதிந்தது இது:

0428002100007735

இரண்டிலும் 16 இலக்கங்கள். முதல் நான்கும் ஒன்று, கடைசி நான்கும் ஒன்று. உள்ளே வரும் இலக்கங்களும் அவையேதான். நடுவில் ஒரு சுழி மட்டும் 21-க்கு முன்னாலிருந்து பின்னால் போய்விட்டது. கடைசி நான்கை மட்டும் பார்க்கிறவர் இதை அனுமதித்துவிடுவார். எத்தனை இலக்கம் என்று எண்ணிப் பார்க்கிறவரும் அனுமதித்துவிடுவார்.

நான்கு நான்காகப் பிரித்துப் படித்தால்தான் சிக்கும். தாளில் 0428, 0002, 1000, 7735. திரையில் 0428, 0021, 0000, 7735. இரண்டாவது கட்டிலேயே நின்றுவிடுவீர்கள். சுழிகள் வரிசையாக வரும் எண்ணில் "மூன்று சுழி" என்று சேர்த்துச் சொல்லாமல் ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். உங்கள் மென்பொருளில் கணக்கு எண்ணைச் செக்கரே மறுபடி தட்டச்சு செய்யும் வசதி இருந்தால் அதைத்தான் பயன்படுத்த வேண்டும். மேக்கர் பதிந்த எண் அப்போது உங்கள் கண்ணில் படாது.

தவறான எண்ணில் கணக்கே இல்லையென்றால் பெறும் வங்கி பணத்தைத் திருப்பி அனுப்பிவிடும். அது தொந்தரவு, நட்டம் இல்லை. அந்த எண்ணில் உயிருள்ள கணக்கு ஒன்று இருந்தால்தான் ஆபத்து. நம் நாட்டில் பணம் வரவு வைக்கப்படுவது கணக்கு எண்ணை வைத்துத்தான். பெயர் பொருந்தாததால் நின்றுவிடும் என்று நம்பியிருக்க முடியாது. போய்ச் சேர்ந்த பிறகு அந்தக் கணக்குக்காரர் சம்மதித்தால் உண்டு, இல்லாவிட்டால் வழக்குதான்.

பெறுபவரின் பெயரை முன்கூட்டியே காட்டும் வசதியை 2025 ஏப்ரல் 1-க்குள் கொண்டுவர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. பெரிய உதவி அது. ஆனால் பெயர் திரையில் வருவதும், அதைத் தாளில் உள்ள பெயரோடு ஒருவர் ஒப்பிடுவதும் வேறு வேறு. "மில்ஸ்" என்று முடியும் பெயரும் "டிரேடர்ஸ்" என்று முடியும் பெயரும் ஒரே குடும்பத்தின் இரண்டு நிறுவனங்களாக இருக்கலாம். வாடிக்கையாளர் எதற்கு அனுப்பச் சொன்னாரோ அதற்கே போக வேண்டும். வித்தியாசம் தெரிந்தால் அவரிடம் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

3. தொகையை எழுத்தில் படியுங்கள்.

மேலே சொன்ன 1,07,50,000 திரையில் 1,70,50,000 என்று விழுந்தால் வித்தியாசம் 63 லட்சம். எண்ணாகப் பார்க்கும் கண் இதைத் தாண்டிப் போய்விடும். "ஒரு கோடியே ஏழு லட்சத்து ஐம்பதாயிரம்" என்று விண்ணப்பத்தில் எழுத்தில் இருப்பதை உதட்டுக்குள் சொல்லிக்கொண்டு திரையைப் பாருங்கள். காசோலையில் எண், காசோலையில் எழுத்து, விண்ணப்பத்தில் எண், விண்ணப்பத்தில் எழுத்து ஆகிய நான்கும் ஒத்திருக்க வேண்டும். ஒன்று மாறினாலும் எது சரியென்று நீங்கள் ஊகிக்கக் கூடாது. காகிதம் வாடிக்கையாளரிடம் திரும்பிப் போகட்டும்.

4. ஐ.எஃப்.எஸ்.சி. சுருக்கமான வேலைதான்.

மொத்தம் 11 எழுத்துகள். முதல் நான்கு வங்கியைக் குறிக்கும், கடைசி ஆறு கிளையைக் குறிக்கும். நடுவில் ஐந்தாவதாக வருவது எப்போதும் சுழி, ஆங்கில எழுத்து ஓ அல்ல. குறியீட்டைப் பதிந்ததும் திரையில் வரும் வங்கி, கிளை, ஊர்ப் பெயர்களை விண்ணப்பத்தில் உள்ளவற்றோடு ஒப்பிடுங்கள். இணைந்துபோன வங்கிகளின் பழைய குறியீடுகளை இன்னும் சிலர் எழுதிக்கொண்டு வருகிறார்கள். கனரா வங்கியோடு சேர்ந்த சிண்டிகேட் வங்கியின் குறியீடுகள் 2021 ஜூலை முதல் செல்லாது.

5. சொன்னபடி எல்லாக் கட்டமும் நிரம்பியிருக்கிறதா என்று பாருங்கள்.

தாளில் இருப்பது திரையில் தவறாக இருந்தால் கண்டுபிடிப்பது ஓரளவு எளிது. தாளில் இருந்து திரையில் விடுபட்டுப் போனதைக் கண்டுபிடிப்பதுதான் கடினம்.

2020 ஆகஸ்ட் 11-ஆம் தேதி நியூயார்க்கில் சிட்டி பேங்க், ரெவ்லான் நிறுவனத்தின் கடனுக்காகக் கடன் கொடுத்தவர்களுக்கு ஏறத்தாழ 78 லட்சம் டாலர் வட்டி அனுப்ப வேண்டியிருந்தது. ஃப்ளெக்ஸ்க்யூப் என்ற மென்பொருளின் அமைப்பினால், கடனின் முழு அசலையும் கணக்கில் ஓட்டி, அந்த அசலை வெளியே விடாமல் உள்கணக்கு ஒன்றுக்குத் திருப்ப வேண்டும். அதற்கு PRINCIPAL, FRONT, FUND என்ற மூன்று கட்டங்களையும் நிரப்ப வேண்டும் என்று வங்கியின் கையேட்டிலேயே இருந்தது. நிரப்பப்பட்டது PRINCIPAL மட்டும். பதிந்தவர், சரிபார்த்தவர், அனுமதித்தவர் என மூன்று பேர் பார்த்தார்கள். அசலைத் திருப்ப அந்த ஒரு கட்டம் போதும் என்று மூவருமே நினைத்திருந்தார்கள். ஏறத்தாழ 90 கோடி டாலர் வெளியே போய்விட்டது. பணம் வங்கியை விட்டு வெளியேறும் என்று மென்பொருள் ஒரு எச்சரிக்கை காட்டியது. எவ்வளவு பணம் என்று அந்த எச்சரிக்கையில் இல்லை.

மறுநாள்தான் தெரிந்தது. சிலர் திருப்பித் தந்தார்கள். சுமார் 50 கோடி டாலரைத் தர மறுத்தவர்களுக்குச் சாதகமாக 2021 பிப்ரவரியில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2022 செப்டம்பரில் மேல்முறையீட்டில்தான் அது மாறியது.

அங்கே கண்கள் குறைவாக இருக்கவில்லை. மூவரில் ஒருவராவது கையேட்டைத் திறந்து பக்கத்தில் வைத்துக்கொண்டு கட்டம் கட்டமாகப் பார்த்திருந்தால், காலியாக இருந்த இரண்டும் தெரிந்திருக்கும். எனவே தாளில் உள்ள கடைசி வரி வரை திரையில் தேடுங்கள். பிறகு திரையில் காலியாக இருக்கும் ஒவ்வொரு கட்டமும் காலியாக இருக்க வேண்டியதுதானா என்று கேளுங்கள். நிறுவனங்களுக்கு இடையே 50 கோடி ரூபாயும் அதற்கு மேலும் போகும்போது இரு தரப்பின் எல்.இ.ஐ. எண்ணும் இருக்க வேண்டும். இப்படி விடுபடக்கூடிய கட்டங்கள் நம்மிடமும் உண்டு.

6. தவறைக் கண்டால் நீங்கள் திருத்தாதீர்கள்.

ஒரு இலக்கம்தானே என்று செக்கர் தானே மாற்றிவிட்டு அனுமதித்தால், அந்த இலக்கத்துக்கு மேக்கரும் அவரே, செக்கரும் அவரே. அதை யாரும் சரிபார்க்கவில்லை. நிராகரித்து, காரணத்தை எழுதி, மேக்கரிடம் அனுப்புங்கள். திரும்பி வந்ததும் திருத்திய கட்டத்தை மட்டும் பார்க்காமல் எல்லாவற்றையும் புதிதாகப் பாருங்கள். ஒரு கட்டத்தைத் திருத்தும்போது பக்கத்துக் கட்டம் கலைவது அடிக்கடி நடக்கிறது. உங்கள் கடவுச்சொல்லை மேக்கரிடம் கொடுப்பதும் இதே குற்றம்தான், இன்னும் பெரிய அளவில்.

7. தாளே பொய்யாக இருந்தால் ஒப்பிடுவதால் பயன் இல்லை.

"எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இந்தக் கணக்குக்கு அனுப்புங்கள்" என்று மில்லின் பெயரில் ஒரு மின்னஞ்சல் வரும். அதை நம்பி ஏற்றுமதியாளர் விண்ணப்பம் நிரப்பிக்கொண்டு வருவார். தாளும் திரையும் அச்சுப் பிசகாமல் ஒத்துப்போகும். பணம் திருடனிடம் போகும். வழக்கமாகப் போகும் பெயருக்குப் புதிய கணக்கு எண்ணோ புதிய ஊரோ வந்திருந்தால் வாடிக்கையாளரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். மில்லில் தனக்குத் தெரிந்தவரைப் பழைய எண்ணில் அழைத்து அவர் உறுதிசெய்யட்டும். அந்த மின்னஞ்சலில் உள்ள எண்ணுக்கு அழைத்தால் திருடனே எடுத்துப் பேசுவான். நீங்கள் வாடிக்கையாளரை அழைப்பதும் வங்கியில் பதிவான எண்ணிலேயே இருக்கட்டும்.

8. அனுமதித்த உடனே யு.டி.ஆர். எண்ணை விண்ணப்பத்தில் எழுதி, தேதியோடு சுருக்கொப்பமிட்டு, அந்தத் தாளை நிலுவைக் கட்டிலிருந்து அகற்றுங்கள். அகற்றாத தாள் உணவு இடைவேளைக்குப் பிறகு இன்னொரு மேக்கர் கையில் போய் இரண்டாம் முறையும் பதிவாகும். அப்போது எல்லாக் கட்டமும் சரியாகவே இருக்கும். அன்றைய பட்டியலில் அதே கணக்கு, அதே தொகை ஏற்கெனவே போயிருக்கிறதா என்று பார்த்தால் மட்டுமே அதைப் பிடிக்க முடியும்.

இத்தனையும் செய்ய ஒரு விண்ணப்பத்துக்கு மூன்று நான்கு நிமிடங்கள் ஆகும். கவுன்ட்டரில் வாடிக்கையாளர் அவசரப்படுத்துவார், மேலாளர் உள்ளிருந்து குரல் கொடுப்பார். அந்த நிமிடங்களைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தராவிட்டால் அனுமதிக்காதீர்கள்.