சர்க்கரை சென்சார், இன்சுலின் பம்ப்: காப்பீடு எதற்குப் பணம் தரும்?

திருவொற்றியூர், எண்ணூர் ஆலைகளில் பணிபுரிவோர் பலரிடம் நிறுவனம் வழங்கிய குழுக் காப்பீட்டு அட்டை உள்ளது. கையில் ஒட்டும் சர்க்கரை சென்சாருக்கும் இன்சுலின் பம்புக்கும் அது பணம் தருமா என அவர்கள் கேட்பதுண்டு. பெரும்பாலும் தராது. வழக்கமான மருத்துவக் காப்பீடு உள்நோயாளியாகத் தங்கிப் பெறும் சிகிச்சைக்கானது. வீட்டில் பயன்படுத்த வாங்கும் கருவி அதில் அடங்குவதில்லை.

14 நாள் இயங்கும் சென்சார் ஆண்டுக்கு 26 தேவைப்படும். ஒன்றின் விலை 5,000 ரூபாய் எனக் கொண்டால், மொத்தம் 1,30,000 ரூபாய். பாலிசித் தொகை 5 லட்சமாயினும் இதற்கு உதவாது. 'ஓ.பி.டி.' எனும் புறநோயாளிச் செலவுக்குத் தனியே 10,000 ரூபாய் வரம்பிருந்து, அதிலும் கருவிகள் விலக்கப்படாதிருந்தால், இரண்டு சென்சார் வாங்கலாம். ஆகவே பாலிசியில் 'ஓ.பி.டி.' பகுதியையும், விலக்குப் பட்டியலில் வெளிப்புற மருத்துவக் கருவிகள் பற்றிய வரியையும் முதலில் படிக்கவும்.

பம்ப் பொருத்துவதற்கென்றே ஓரிரவு தங்கிக் கோருவது, என் கருத்தில், வீண் முயற்சி. தங்குவதற்கான மருத்துவத் தேவை இல்லையெனக் கோரிக்கை மறுக்கப்படக்கூடும். மாறாக, பம்பின் குழாய் அடைபட்டு, இரத்தத்தில் கீட்டோன் பெருகி அவசரமாகச் சேர்க்கப்பட்டால், அச்சிகிச்சைச் செலவைப் பாலிசி விதிகளின்படி கோரலாம். மாற்றுப் பம்பின் விலையை அதில் சேர்க்க இயலாது.

மாத்திரை மட்டும் உட்கொள்வோர் பலருக்கு ஆண்டு முழுவதும் சென்சார் தேவையில்லை. மருந்தை மாற்றும் வேளையில் ஒன்று அணிந்தாலே போதும்.