கிலோ, Kg, கி.கி: ஒரே எடை, பல எழுத்து

உங்க மகளிர் சுயஉதவிக் குழு உறுப்பினர்களிடம் புளி வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். எடையை ஆளுக்கொருவர் செல்போனில் கூகுள் ஷீட்ஸில் ஏற்றுகிறார்கள். B நெடுவரிசையில் "12 கிலோ", "8kg", "500 கிராம்", "2 கிலோ 500 கிராம்", "3 மூட்டை" என்று எல்லாம் கலந்து கிடக்கும். இப்படி இருந்தால் கூட்டுத்தொகை வராது.

B-யில் கை வைக்காதீங்க. நாளை யாராவது கணக்கு கேட்டால் அதுதான் ஆதாரம். பக்கத்தில் C2-வில் எண்ணை மட்டும் எடுங்கள்:

```
=VALUE(REGEXEXTRACT(B2,"[0-9.]+"))
```

D2-வில், முதல் எண்ணை நீக்கிவிட்டு மிச்சத்தை:

```
=LOWER(TRIM(REGEXREPLACE(B2,"^\s*[0-9.]+","")))
```

அடுத்து G, H-இல் ஒரு சின்ன அகராதி. G-யில் அலகு எழுதப்பட்ட விதம், H-இல் அது எத்தனை கிலோ. கிலோ, kg, கி.கி எல்லாவற்றுக்கும் 1. கிராம், gm இரண்டுக்கும் 0.001, குவிண்டாலுக்கு 100. பிறகு E2-வில்:

```
=C2*VLOOKUP(D2,$G:$H,2,FALSE)
```

மூன்று செல்களையும் காப்பி செய்து கீழ் வரிசைகளில் ஒட்டினால் E முழுக்க கிலோவாக மாறிவிடும்.

D-யில் "முதல் எண்ணை மட்டும்" என்று ஏன் சொன்னேன்? எல்லா எண்களையும் இடைவெளியையும் நீக்கினால், "2 கிலோ 500 கிராம்" என்பது "கிலோகிராம்" ஆகிவிடும். அகராதியில் அந்த வார்த்தை இருந்தால் 2 கிலோ என்று கணக்காகும், பிழையே காட்டாது. கிலோ 120 ரூபாய் என்றால் அந்த அக்காவுக்கு 60 ரூபாய் போச்சு. மேலே உள்ள சூத்திரத்தில் "கிலோ 500 கிராம்" அப்படியே மிஞ்சும், அகராதியில் இல்லாததால் #N/A வரும். அது நல்லதுதான். "1/2 கிலோ", "1,250 கிலோ" இரண்டும் அப்படித்தான் மாட்டும். பார்க்க அசிங்கமா இருக்குன்னு IFERROR போட்டு மறைக்காதீங்க. #N/A இருக்கும்வரை SUM-உம் மொத்தத்தைக் காட்டாது. மாட்டிய வரிகளின் சரியான கிலோவை E-யில் கையால் போட்டு, அந்த செல்லுக்கு நிறம் கொடுங்கள்.

இரண்டு வார்த்தைகளை அகராதியில் சேர்க்கவே கூடாது. ஒன்று "மூட்டை": அது அலகே இல்லை, மூட்டைக்கு மூட்டை எடை மாறும். எடைச்சீட்டைத்தான் பார்க்கணும். இன்னொன்று வெறும் "கி". எழுதியவர் நினைத்தது கிலோவா கிராமா என்று சூத்திரத்துக்குத் தெரியாது. "500 கி" 500 கிலோ ஆனால் 60 ரூபாய்க்குப் பதில் 60,000 ரூபாய்!

நீளத்துக்கும் இதே வழிதான். அகராதி மட்டும் வேறு. மீட்டர் கணக்கில் அடி 0.3048, அங்குலம் 0.0254, கெஜம் 0.9144. "5 அடி 6 அங்குலம்" இங்கேயும் #N/A-வில் நிற்கும்.

கடைசியாக E-யை வரிசைப்படுத்தி, மேலே ஐந்து, கீழே ஐந்து வரிகளை B-யோடு ஒப்பிட்டுப் பாருங்க. கிராமும் கிலோவும் இடம் மாறியிருந்தால் பெரும்பாலும் அங்கேதான் தெரியும்.