யாரும் எடுக்காவிட்டால்: குரல் செய்தி விடும் முறை

வீட்டுத்திட்டத்தில் உங்கள் வீட்டுக்கு அத்திவாரம் போட்டு முடிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்து பார்த்து ஒப்பமிட்டால்தான் அடுத்த கட்டக் கொடுப்பனவு வரும். அவரோ பகல் முழுவதும் களத்தில். நீங்கள் அழைக்கும்போது குரல் செய்தி விடச் சொல்லி ஒரு பதிவு கேட்கிறது. பலர் இந்த இடத்தில் வைத்துவிடுவார்கள். அல்லது இப்படித் தொடங்குவார்கள்:

“தம்பி, நான் போன கிழமையும் எடுத்தனான், ஒருதரும் எடுக்கேல்லை, மழையும் வரப்போகுது, மேசனும் வேற வேலைக்குப் போகப்போறார்...”

சொல்வதெல்லாம் உண்மைதான். ஆனால் யார், எந்த ஊர், என்ன வேண்டும் என்பது வருமுன்பே பதிவு நின்றுவிடலாம். மாலையில் களைத்து வந்து பல செய்திகளை ஒன்றாகக் கேட்பவருக்கு முதல் இரண்டு வசனங்களிலேயே விடயம் தெரியவேண்டும். இப்படிச் சொல்லிப் பாருங்கள்:

“வணக்கம். நான் ....... (முழுப்பெயர்), ....... கிராம அலுவலர் பிரிவு, பயனாளி இலக்கம் 47. அத்திவாரம் முடிஞ்சுது, வந்து பார்க்கவேணும். இண்டைக்கு செவ்வாய்க்கிழமை. என்ர இலக்கம் ......., திரும்பச் சொல்லுறன் ....... பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு எடுங்கோ.”

அரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும். மழையையும் மேசனையும் அவர் திருப்பி அழைக்கும்போது சொல்லலாம்.

இலக்கத்தில்தான் அதிகம் பிழை வருகிறது. பத்து இலக்கங்களையும் ஒரே மூச்சில் சொன்னால் எழுதிக்கொள்ள முடியாது. முதல் மூன்று, நிறுத்தி அடுத்த மூன்று, நிறுத்திக் கடைசி நான்கு என்று சொல்லுங்கள். சிம் மாற்றியிருந்தால் பழைய இலக்கம் எங்கள் பதிவில் இருக்கும்; “இது புது இலக்கம்” என்று ஒரு சொல் சேர்த்துவிடுங்கள். பக்கத்து வீட்டுக் கைத்தொலைபேசி என்றால், யாரைக் கேட்டு அழைக்கவேண்டும் என்பதையும் சொல்லுங்கள்.

“நாளைக்கு வாங்கோ” என்று சொல்லவேண்டாம். வெள்ளி மாலை விட்ட செய்தியைத் திங்கள் காலை கேட்பவருக்கு நாளை என்பது செவ்வாய். கிழமையின் பெயரைச் சொல்லுங்கள்.

வட்ஸ்அப்பில் குரல் செய்தி அனுப்புவதும் இதே முறைதான். அங்கே ஒரு வசதி: மைக் அடையாளத்தை அழுத்தி மேலே தள்ளினால் அது பூட்டிக்கொள்ளும். பேசி முடித்து, அனுப்புமுன் ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம். உழவு இயந்திரச் சத்தத்தில் இலக்கம் அமுங்கிப்போயிருந்தால் அழித்துவிட்டு மீண்டும் பேசுங்கள்.

வங்கிக் கணக்கு இலக்கத்தையும் அடையாள அட்டை இலக்கத்தையும் செய்தியில் விடவேண்டாம். அந்தப் பதிவை வேறு யாரும் கேட்கக்கூடும். எங்களுக்குப் பயனாளி இலக்கம் போதும்.

காணியில் வெடிபொருள் போன்ற ஏதும் கண்டால் குரல் செய்தி விட்டுக் காத்திருக்காதீர்கள். அதைத் தொடாமல், வந்த வழியே விலகி, உடனே 119க்கு அழைத்துப் பொலிசுக்குச் சொல்லுங்கள். நோயாளியை ஏற்ற அம்புலன்ஸ் வேண்டுமானால் 1990.

செய்தி விட்ட கிழமையையும் நேரத்தையும் ஒரு கொப்பியில் குறித்துவையுங்கள். இரண்டு வேலை நாட்களில் பதில் வராவிட்டால், “செவ்வாய் காலையும் செய்தி விட்டனான்” என்று சேர்த்து மறுபடியும் விடுங்கள்.