ஏயுசி 0.80 வந்தாச்சு, கோட்டை எங்கே போடுறது?

அமீரகத்தில் பெர்சனல் லோன் கேட்டால், பேங்க் பார்ப்பவற்றில் ஒன்று அல் எதிஹாத் கிரெடிட் பியூரோவின் ஸ்கோர். அது 300 முதல் 900 வரை இருக்கும். அதோடு சம்பளம், ஏற்கெனவே உள்ள கடன் எல்லாம் சேர்த்து, "இவர் கட்டாமல் போக வாய்ப்பு எவ்வளவு?" என்று ஒரு மாடல் கணிக்கலாம். அந்த மாடலை எப்படி எடை போடுறது? எபிசோடில் வேகமா ஓடின கணக்கை இங்கே நிதானமா பார்க்கலாம். எண்கள் நாங்க வைத்துக்கொண்டவை.

1,000 பேர் விண்ணப்பிக்கிறாங்க. அதில் 50 பேர் கடைசியில் கட்டமாட்டாங்க. எல்லாருக்கும் லோன் கொடுத்தாலே 95 சதவீதம் "சரி" என்று வந்துடும். அதனால் அந்த அளவுகோல் இங்கே உதவாது.

ஆர்ஓசி கோடு வேறு கேள்வி கேட்கிறது: கட்-ஆஃபை மெல்ல இறக்கினால், கட்டாதவர்களில் எத்தனை பங்கு பிடிபடுது? நல்லவர்களில் எத்தனை பங்கு தவறா மாட்டுது? இந்தக் கோட்டுக்குக் கீழே உள்ள பரப்புதான் ஏயுசி. அது 0.80 என்றால், கட்டாத ஒருவரையும் கட்டும் ஒருவரையும் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தால், 100-ல் 80 தடவை கட்டாதவருக்குத்தான் மாடல் அதிக ஆபத்து மதிப்பு தரும். மாடல் ஆட்களை நன்றாக வரிசைப்படுத்துது, அவ்வளவுதான். கோட்டை எங்கே போடுறது என்று ஏயுசி சொல்லாது.

அதைச் சொல்வது பணம். கடனாளி கட்டாமல் ஊரைவிட்டுப் போனால் பேங்குக்கு 30,000 திர்ஹாம் நஷ்டம். நல்லவரைத் திருப்பி அனுப்பினால் போவது 3,000 திர்ஹாம் லாபம். அப்போ கட்-ஆஃப்:

```
3000 / (3000 + 30000) = 0.09
```

இப்போ 0.80 ஏயுசி உள்ள ஒரே மாடலை இரண்டு கட்-ஆஃபில் பாருங்க.

- 0.5: கட்டாதவர்களில் 2 பேர்தான் பிடிபடுறாங்க, நல்லவர் ஒருவர் மாட்டுறார். செலவு 48 × 30,000 + 1 × 3,000 = 14,43,000 திர்ஹாம்.
- 0.09: 26 பேர் பிடிபடுறாங்க, நல்லவர்கள் 122 பேர் மாட்டுறாங்க. செலவு 24 × 30,000 + 122 × 3,000 = 10,86,000 திர்ஹாம்.

"சரி" என்பது 95.1-லிருந்து 85.4 சதவீதமா இறங்குது. ஆனா 3,57,000 திர்ஹாம் மிச்சம்! அதே சமயம் அந்த 122 பேரும் ஒழுங்கா கட்டியிருப்பாங்க. பேங்க் கணக்கில் அவங்க இழப்பு ஆளுக்கு 3,000 திர்ஹாம் மட்டும்தான்.

ஒரு எச்சரிக்கை. மாடல் தரும் 0.09 நிஜமாவே 9 சதவீதமா இருந்தால்தான் இந்தக் கணக்கு நிற்கும். டிஃபால்ட் கேஸ்கள் குறைவு என்று அவற்றைப் பெருக்கி மாடலைப் பழக்கினால், மதிப்புகள் எல்லாம் ஊதிப்போகும். ஏயுசி பெரும்பாலும் அப்படியே நிற்கும், அதனால் தப்பு கண்ணில் படாது. 0.09-ல் வெட்டினால் பெரும்பாலானோர் நிராகரிக்கப்படுவாங்க.

கண்டுபிடிக்கும் வழி எளிது. பழைய தரவில் 0.09 சுற்றி மதிப்பு வாங்கினவங்களைத் தனியா எடுங்க. அவங்களில் 100-க்கு ஏறக்குறைய 9 பேர் கட்டாமல் போயிருக்கணும். இரண்டு, மூன்று பேர்தான் என்றால், கட்-ஆஃபைத் தொடும் முன் மதிப்புகளைச் சரிசெய்யுங்க.